கேஸ் ஷீட்டை நோயாளியும் படிப்பார்

வயிற்றுக்குள்ளேயே கருவின் துடிப்பு நின்றுபோய், அதை அகற்றிக்கொண்டு வீடு திரும்பும் ஒரு பெண்ணின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மிஸ்டு அபார்ஷன்’ என்று இருக்கும். மூன்று முறை கரு தங்காமல் போயிருந்தால் ‘ஹாபிச்சுவல் அபார்ஷன்’ என்றும் எழுதுவதுண்டு. மருத்துவப் பாடத்தில் அபார்ஷன் என்றால், வெளியில் வந்தால் பிழைக்கும் பருவத்தைக் குழந்தை எட்டுவதற்கு முன்பே கர்ப்பம் முடிந்துபோவது. தானாக நடந்ததா, செய்துகொண்டதா என்ற பேதம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: கலைத்துக்கொண்டாள். ‘ஹாபிச்சுவல்’ என்பதை அகராதியில் பார்த்தால் ‘பழக்கமான’ என்று வரும். அந்தக் காகிதத்தை அவளுக்கு முன்பே கணவரோ நாத்தனாரோ பிரித்துப் படித்துவிடுகிறார்கள். குழந்தையை இழந்து வந்தவள், செய்யாத ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த கர்ப்பத்திலும் ‘ஜி3 பி1 ஏ1’ என்ற குறியீட்டில், கடைசி எழுத்தாக, அது அவள் கூடவே வருகிறது.

1985-ல் பிரிட்டன் மருத்துவர்கள் சிலர் ‘லான்செட்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். தானாகக் கலையும் கருவுக்கு அபார்ஷன் என்ற சொல் வேண்டாம், ‘மிஸ்கேரேஜ்’ என்றே எழுதலாம் என்பது அவர்கள் கோரிக்கை. அங்கே வழக்கம் மெல்ல மாறியது. சிகிச்சையில் எதுவும் குறைந்துவிடவில்லை. நம் ஊரிலும் ‘கரு தானாகக் கலைந்தது’ என்று எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் பழைய சொல்லே எழுதப்பட்டு வருகிறது. காரணம், மருத்துவக் குறிப்பு என்பது ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதுவது என்ற எண்ணம். நோயாளி அதைச் சுமந்து செல்பவர் மட்டுமே என்று நினைக்கிறோம்.

மேலை நாடுகளில் நோயாளியின் ஃபைல் மருத்துவமனையின் அலமாரியில் இருக்கும். நம்மிடம் அது எப்போதும் நோயாளியின் பையில்தான். ஓ.பி. சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஊர் ஊராக எடுத்துச் செல்கிறோம். ஆங்கிலத்தில் இருப்பதால் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பலித்தது. இன்று பத்தாவது படிக்கும் பேத்தி போன் கேமராவைக் காட்டினால் முழுப் பக்கமும் அரைகுறைத் தமிழில் மாறி நிற்கிறது. அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் பதிவுகள் போனுக்கே வரத் தொடங்கிவிட்டன.

நோயாளிகள் தங்கள் குறிப்பைப் படித்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். 2010-ல் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய மூன்று இடங்களில் 105 மருத்துவர்கள் தாங்கள் எழுதுவதை நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். ‘ஓபன்நோட்ஸ்’ என்று அதற்குப் பெயர். நோயாளிகள் பயந்துவிடுவார்கள், கேள்வி கேட்டே நேரத்தைத் தின்றுவிடுவார்கள் என்று பல மருத்துவர்கள் அஞ்சினார்கள். 2012-ல் வந்த முடிவில், கவலையோ குழப்பமோ மனவருத்தமோ அடைந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர் முதல் எட்டுப் பேர் வரைதான். மருந்தைச் சரியாகச் சாப்பிட இது உதவியது என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். 2021 ஏப்ரல் முதல், குறிப்புகளை நோயாளி தாமதமின்றிப் பார்க்க விடவேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் அதே ஆண்டு வெளியான, சுமார் 23,000 பேரிடம் கேட்ட இன்னொரு ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒருவர் தன் குறிப்பைப் படித்துத் தன்னைத் தவறாக எடைபோட்டதாகவோ புண்படுத்தியதாகவோ உணர்ந்திருந்தார். குறிப்பைத் திறந்து வைப்பது நல்லதுதான். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் வேலை இருக்கிறது.

ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொள்வோம். இது நானே அமைத்த உதாரணம். ஆனால் இதன் ஒவ்வொரு வரியும் நம் மருத்துவமனைகளில் அன்றாடம் எழுதப்படுவது. நோயாளி 62 வயது விவசாயி. காலில் வீக்கம், இரவில் மூச்சுத் திணறல் என்று சேர்ந்து, ஆறு நாள் கழித்து வீடு திரும்புகிறார். தாளில் இருப்பது இது:

‘நோன் டயபடிக், நான்-கம்ப்ளையன்ட் வித் மெடிகேஷன்ஸ். கம்ப்ளெயின்ஸ் ஆஃப் எஸ்.ஓ.பி. டினைஸ் ஸ்மோக்கிங். ஹார்ட் ஃபெயிலியர், இ.எஃப். 35%. சி.கே.டி. ஸ்டேஜ் 3. எக்ஸ்ரே: ரைட் அப்பர் ஸோன் ஒபாசிட்டி, டு ரூல் அவுட் மாலிக்னன்ஸி. அட்வைஸ்: ஃப்ளூயிட் ரெஸ்ட்ரிக்‌ஷன் 1.5 லிட்டர்.’

மருத்துவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. படித்த மகன் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது இது வேறொரு தாள் ஆகிவிடுகிறது.

‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்றால் இதயம் நின்றுபோவது என்றே நம் மக்கள் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். இறந்தவர் வீட்டில் காரணம் கேட்டால் சொல்லப்படும் சொல் அது. தமிழில் எழுதினால் தீர்ந்துவிடும் என்று பார்த்தால், பாடநூல் தரும் ‘இதயச் செயலிழப்பு’ இன்னும் மோசம். செயல் இழந்துவிட்டது என்றே அது சொல்கிறது. உண்மையில் நடந்திருப்பது, இதயத் தசை வலுவிழந்து, உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் போனது. அதனால் நீர் நுரையீரலிலும் காலிலும் தேங்குகிறது.

அடுத்தது அந்த 35 சதவீதம். பள்ளிக்கூடம் போன எவருக்கும் இது நூற்றுக்கு முப்பத்தைந்து மார்க். இதயத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்று அந்தக் குடும்பம் முடிவு செய்துவிடும். இ.எஃப். அளப்பது அதை அல்ல. இதயத்தின் இடது கீழறை நிரம்பியபின், ஒரு துடிப்பில் அந்த ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். நல்ல ஆரோக்கியமான இதயமும் சுமார் 55 முதல் 70 வரைதான் தள்ளும். நூறு என்பது யாருக்கும் இல்லை. ஆகவே 35-ஐ நூறோடு ஒப்பிடக் கூடாது, 60-ஓடு ஒப்பிட வேண்டும். எண்ணை எழுதுகிறவர் இயல்பான அளவையும் பக்கத்திலேயே எழுதினால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். மருந்தைத் தொடர்ந்து எடுத்தால் பலருக்கு இந்த எண் ஏறுவதும் உண்டு என்பதையும் அந்தத் தாள் சொல்லவில்லை.

‘ஸ்டேஜ் 3’ என்ற சொல்லை நம் மக்கள் புற்றுநோயில்தான் கேட்டிருக்கிறார்கள். அங்கே மூன்றுக்குப் பிறகு ஒரே ஒரு படி. சிறுநீரக நோயில் ஐந்து நிலைகள் உண்டு, கணக்கே வேறு. இவருடைய கிரியாட்டினின் 1.5 என்று வைத்துக்கொண்டால், வயதையும் சேர்த்துக் கணக்கிடும்போது சிறுநீரகம் வடிகட்டும் அளவு 52 வருகிறது. மூன்றாம் நிலை என்பது 59-ல் தொடங்கி 30 வரை இறங்கும் நீண்ட படி. இவர் அதன் மேல் விளிம்பில் இருக்கிறார். ‘சி.கே.டி.’யின் முதல் எழுத்தான ‘க்ரானிக்’ நாள்பட்டது என்று மட்டுமே பொருள்படும். மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால்தான் அந்தப் பெயரே வைக்க வேண்டும். முற்றிவிட்டது என்று அதை வாசிப்பவர்கள் ஏராளம். இத்தனை பயத்தைக் கொடுத்த தாள், அவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை விட்டுவிட்டது: மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இவருக்கு ஆகாது. சிறுநீரகத்தையும் கெடுக்கும், உடம்பில் நீரையும் தேக்கிவிடும்.

சின்னச் சின்ன இடங்களிலும் காயம் உண்டு. ‘எஸ்.ஓ.பி.’ மூச்சுத் திணறலுக்கான ஆங்கிலச் சுருக்கம். போனில் தேடினால் ஒரு வசைச்சொல்லும் வரும். ‘டினைஸ் ஸ்மோக்கிங்’ என்றால் மருத்துவப் பழக்கத்தில் ‘புகைப்பதில்லை என்றார்’. படிப்பவருக்கு ‘இல்லையென்று மறுக்கிறார்’ என்று கேட்கிறது. வாழ்நாளில் ஒரு பீடி தொடாத மனிதர் தன்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். ‘புகைப்பழக்கம் இல்லை’ என்று எழுதினால் இடமும் மிச்சம்.

இந்தத் தாளில் எனக்கு அதிகம் உறுத்துவது ‘நான்-கம்ப்ளையன்ட்’. சொன்னபடி கேட்காதவர் என்று ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பு அது. ஏன் கேட்கவில்லை என்று அது சொல்லாது. இவர் விட்டது நீர் பிரிக்கும் மாத்திரையை மட்டும்தான். காலை எட்டு மணிக்குப் போட்டால் அடுத்த மூன்று நான்கு மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருக்கும். அவர் அந்த நேரத்தில் டவுன் பஸ்ஸில் சந்தைக்குப் போகிறார். இரண்டு முறை வேட்டி நனைந்தபின் மாத்திரையை நிறுத்திவிட்டார். இதை ஒருவர் கேட்டிருந்தால், சந்தைக்குப் போகும் நாளில் திரும்பி வந்து மதியம் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா என்று சொல்லியிருக்கலாம். ‘சந்தைக்குப் போகும் நாளில் சிறுநீர் தொல்லைக்காகக் காலை மாத்திரையை விட்டுவிடுகிறார்’ என்று எழுதினால், அடுத்து பார்க்கும் மருத்துவருக்கும் வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளருக்கும் சரிசெய்ய ஒரு விஷயம் கிடைக்கும். ‘நான்-கம்ப்ளையன்ட்’ என்று எழுதினால் திட்டுவதற்கு ஓர் ஆள் மட்டுமே கிடைப்பார்.

நோயாளியின் மனம் நோகும் என்பதோடு இது முடிவதில்லை. 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அரிவாள் செல் சோகை உள்ள 28 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி இரண்டு விதமாகக் குறிப்பு எழுதினார்கள். நோய், வலி, பரிசோதனை முடிவு எல்லாம் ஒன்றே. ஒரு குறிப்பில் அவர் ‘போதை மருந்துக்கு அடிமை, அடிக்கடி நம் எமர்ஜென்சிக்கு வருபவர்’; இன்னொன்றில் ‘ஆண்டுக்கு இத்தனை முறை வலி வருகிறது, வீட்டில் இந்த மருந்தால் சமாளிக்கிறார்’. பயிற்சியில் இருந்த 413 இளம் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் ஆளுக்கு ஒன்றைப் படித்தார்கள். முதல் குறிப்பைப் படித்தவர்களுக்கு அந்த இளைஞர் மேல் மரியாதை குறைந்தது. அவருக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வலி மருந்தும் குறைந்தது. ஒருவர் எழுதிய எரிச்சல், அந்த நோயாளியைப் பார்த்தே இராத இன்னொருவரின் கையெழுத்தில் மருந்தின் அளவாக மாறியது. அரிவாள் செல் சோகை நமக்குத் தூரத்து நோய் அல்ல. நீலகிரியின் இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் உண்டு. வலியோடு மலையிறங்கி வரும் ஒருவரின் பழைய சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குக் கிடைக்கும் ஊசியைத் தீர்மானிக்கக்கூடும்.

இனி அந்த எக்ஸ்ரே வரி. ‘ரூல் அவுட் மாலிக்னன்ஸி’ என்றால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது பொருள். மகன் போனில் போட்டுப் பார்த்தால் ‘புற்றுநோய்’ என்ற ஒரே சொல்தான் கண்ணில் தெரியும். இங்கே சொல்லை மென்மையாக்குவதால் பயனில்லை. சந்தேகம் உண்மையானது, அதை மறைக்கக் கூடாது. மறைத்தால் அந்த சி.டி. ஸ்கேனை அவர் எடுக்கவே மாட்டார். வாயால் சொல்லாத எதையும் தாளில் முதல்முறையாக எழுதக் கூடாது என்பதே இதில் என் கட்சி. முதலில் நேரில் சொல்ல வேண்டும். பிறகு நான்கு விஷயங்களை எழுத வேண்டும்: என்ன தெரிந்தது, அது என்னென்னவாக இருக்கலாம், எந்தச் சோதனை, எந்தத் தேதி. ‘வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு நிழல் தெரிகிறது. பழைய காசநோயின் தழும்பாக இருக்கலாம், இப்போதைய காசநோயாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். எக்ஸ்ரேயை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சளிப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், சி.டி. ஸ்கேன் 14-ம் தேதி.’ புற்றுநோய்க்கான வாய்ப்பு இதில் மறையவில்லை. ஆனால் அவர் கையில் ஒரு தேதி இருக்கிறது.

நம் ஊரில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. ‘அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டார்’ என்று பிள்ளைகள் அறைக்கு வெளியே வந்து கேட்பார்கள். இத்தனை நாள் ஆங்கிலமே அந்த ரகசியத்தைக் காப்பாற்றிக்கொடுத்தது. குறிப்பைத் தெளிவாக எழுதத் தொடங்கினால் அந்தத் திரை போய்விடும் என்பது உண்மை. பிள்ளைகளின் பயத்தில் அன்பு இருக்கிறது, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் முடிவு அப்பாவுடையது. பெரிய சோதனைகளுக்கு அனுப்புவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடலாம்: ‘ஐயா, ரிசல்ட் வந்ததும் உங்ககிட்டயே எல்லாம் சொல்லட்டுமா, இல்ல பையன்கிட்ட பேசிக்கட்டுமா?’ சிலர் எனக்கே சொல்லுங்கள் என்பார்கள். சிலர் மகனைக் கை காட்டுவார்கள். எது சொன்னாலும் அதைக் குறிப்பில் ஒரு வரியாக எழுதி வைத்தால், அடுத்த வார்டில் இருக்கும் மருத்துவர் திடீரென்று உடைத்துவிடும் விபத்து நடக்காது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் ஒன்று இருக்கிறது. ஃபைலைக் குடும்பமே சுமக்கும் ஊரில், எல்லாவற்றையும் தெளிவாக எழுதுவதும் காயப்படுத்தலாம். கணவன் அடித்ததால் வந்த கை எலும்பு முறிவு என்று ஒரு பெண் தனியாகச் சொன்னதை, அந்தக் கணவனே தூக்கிச் செல்லும் சம்மரியில் எழுதினால் அன்றிரவு அவளுக்கு என்ன ஆகும்? மருத்துவமனையிலேயே இருக்கும் கேஸ் ஷீட்டில் அது முழுமையாகப் பதிய வேண்டும். நாளை வழக்கு என்றால் அவளுக்கு அதுதான் துணை. வீட்டுக்குப் போகும் தாளில் என்ன இருக்கலாம் என்பதை அவளிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். எச்.ஐ.வி. நிலைக்கும் இதே எச்சரிக்கை தேவை. ஒருவரின் சம்மதமின்றி அதை வெளியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

மருத்துவர்களின் மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறலோடு வரும் இதே மனிதரைப் பார்க்கும் டியூட்டி டாக்டருக்கு ‘இ.எஃப். 35%’ என்ற சுருக்கம் உடனே வேண்டும். காலை ஓ.பி.யில் நூறு பேரைப் பார்க்கிறவர் ஆளுக்கு ஒரு கட்டுரை எழுத முடியாது. அதனால் தொழில்நுட்பப் பகுதி அப்படியே இருக்கட்டும். அதிலுள்ள தீர்ப்புச் சொற்களை மட்டும் எடுத்துவிட்டு, கீழே தமிழில் ஒரு பத்தி சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். பிரிட்டனில் மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 2018-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. புறநோயாளிகளைப் பார்த்த நிபுணர்கள், குடும்ப டாக்டருக்கு எழுதும் கடிதத்தை நோயாளிக்கே எழுதிவிட்டு, நகலை டாக்டருக்கு அனுப்பும்படி அது கேட்டுக்கொண்டது.

நம் விவசாயிக்கான தமிழ்ப் பத்தி இப்படி இருக்கலாம்:

‘உங்கள் இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்திருக்கிறது; 60 அளவில் இருக்க வேண்டியது 35 இருக்கிறது. இது கவனிக்க வேண்டிய நோய்தான், ஆனால் மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். சிறுநீரகத்தின் வேலையும் ஓரளவு குறைந்திருக்கிறது. மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கக் கூடாது. தண்ணீர், காபி, மோர், கஞ்சி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். ஊறுகாய், கருவாடு, அப்பளம் வேண்டாம். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றே வாருங்கள்.’

இதய நோய்க்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று இப்படிப் பத்திகளைத் தயாராக வைத்துக்கொண்டு எண்களை மட்டும் மாற்றினால் நேரம் ஆகாது. ஆபத்தும் அங்கேதான். பழைய பத்தியை ஒட்டும்போது முந்தைய நோயாளியின் தேதியும் அளவும் அப்படியே வந்துவிடும். தண்ணீர்க் கட்டுப்பாடு தேவையில்லாதவருக்கும் ஒன்றரை லிட்டர் என்று போய்விடும். அச்செடுத்தபின் எண்கள் எல்லாவற்றையும் ஒருமுறை விரல் வைத்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வழியில்லை. மருந்தில் இந்தத் தவறு உயிரையே எடுக்கும். மூட்டு வாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டு, ரத்த அணுக்கள் சரிந்து, வாய் வெந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மருத்துவ உலகம் நன்கு அறியும். அந்த மாத்திரைக்கு ‘வாரம் ஒருமுறை’ என்பதுகூடப் போதாது. ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று கிழமை போட்டு எழுத வேண்டும்.

எழுதியது புரிந்ததா என்று கண்டுபிடிக்க, ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க, ஐயா?’ என்று கேட்க வேண்டும். எந்த மாத்திரை எதற்கு, என்ன நடந்தால் உடனே வர வேண்டும், அடுத்து என்றைக்கு வர வேண்டும் என்ற மூன்றும் அவர் வாயிலிருந்து வந்தால் அந்தத் தாள் வேலை செய்கிறது. வராவிட்டால் மாற வேண்டியது தாளில் உள்ள வாக்கியம்.

படிக்கிறவர் பிழையைக் கண்டால் என்ன செய்வது? பிழை அபூர்வம் அல்ல. 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குறிப்பைப் படித்தவர்களில் ஐந்தில் ஒருவர் தவறு கண்டதாகச் சொன்னார். அவர்களில் பத்தில் நான்கு பேர் அது பெரிய தவறு என்று கருதினார்கள். இந்தியாவில் 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். பிழை இருக்கும் வரியை அடையாளம் காட்டி, சரியான விவரத்தை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, தேதியிட்டு மருத்துவரிடம் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். மருத்துவர் பழைய வரியை வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது, கிழிக்கவும் கூடாது. படிக்கும்படியாக ஒரு கோடு இழுத்து, சரியானதை அருகில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். கணினியில் என்றால் திருத்தத்தைத் தனிக் குறிப்பாகச் சேர்க்க வேண்டும். முன்பே நகல் போன இடங்கள் இருந்தால், திருத்திய தாள் அங்கேயும் போக வேண்டும்: காப்பீட்டு அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், உள்ளூர் டாக்டர். இல்லாவிட்டால் ஒரு ஃபைலில் ‘புகைப்பழக்கம் இல்லை’ என்றும், இன்னொன்றில் ‘புகைப்பவர்’ என்றும் அந்த மனிதர் இரண்டாக இருப்பார்.